போஸ்டர் பக்கத்தில் ஒட்டும் ஐம்பது சொல்: ஆய்வாளர் அறிமுகக் குறிப்பை எப்படி எழுதுவது?

கேள்வி: ஐயா, நான் கோவையில் பூச்சியியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், மூன்றாம் ஆண்டு. பிப்ரவரி 28 அறிவியல் தினத்தன்று எங்கள் ஆய்வகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். காலையில் போஸ்டர் அமர்வு, மதியம் விவசாயிகளும் பள்ளிப் பிள்ளைகளும் வருவார்கள். போஸ்டர் பக்கத்தில் வைக்க என்னைப் பற்றித் தமிழில் ஒரு குறிப்பு கேட்டிருக்கிறார்கள். ஆன்லைன் படிவத்தில் 500 எழுத்துதான் இடம். கீழே உள்ளதை எழுதினேன், தொடக்கத்தில் வரும் என் பெயரையும் நிறுவனப் பெயரையும் மட்டும் இங்கே விட்டிருக்கிறேன். நான் எண்ணியதில் 400-க்குக் கீழேதான் வருகிறது, ஆனாலும் படிவம் ஏற்கவில்லை. எதை வெட்டுவது? ஆய்வுச் சுருக்கத்தையும் இணைத்திருக்கிறேன். உண்மையில் நான் போன கருத்தரங்கு இரண்டு, அனுப்பிய கட்டுரை ஒன்று, அது இன்னும் மதிப்பீட்டில்தான் இருக்கிறது.

"ஆனைமலையில் பிறந்து, அரசு மேல்நிலைப் பள்ளியில் பயின்று, இளநிலை வேளாண்மை, முதுநிலைப் பூச்சியியல் பட்டங்களைப் பெற்று, தற்போது முனைவர் பட்ட ஆய்வை மேற்கொண்டு வருகிறார். தென்னைப் பூச்சிகளின் ஒருங்கிணைந்த மேலாண்மையில் மிகுந்த ஆர்வமும் ஈடுபாடும் கொண்டவர். பல தேசிய, பன்னாட்டுக் கருத்தரங்குகளில் பங்கேற்று, பல ஆய்வுக் கட்டுரைகளைச் சமர்ப்பித்துள்ளார். விவசாயிகளின் வாழ்வு மேம்பட உழைப்பதையே தம் வாழ்நாள் லட்சியமாகக் கொண்டுள்ளார். தமக்கு ஊக்கமளித்துவரும் நெறியாளருக்கு என்றென்றும் நன்றிக்கடன் பட்டவர்."

— ஆய்வு மாணவி, ஆனைமலை

பதில்: அன்புள்ள மாணவிக்கு,

முதலில் அந்தப் படிவத்தின் சங்கதியைப் பார்த்துவிடுவோம். நீங்கள் எண்ணுவதும் கணினி எண்ணுவதும் வேறு வேறு. "தென்னை" என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கோ அது த, எகரக் கொம்பு, ன, புள்ளி, ன, ஐகாரக் குறி என்று ஆறு. உயிர்மெய்யில் வரும் ஒவ்வொரு குறியும், ஒவ்வொரு புள்ளியும் தனியாக ஒரு கணக்கு. சொற்களுக்கு நடுவில் விடும் இடமும் கணக்கில் சேரும். அதனால் 500 எழுத்து என்று படிவம் சொன்னால் தமிழில் கையில் இருப்பது ஏறக்குறைய ஐம்பது சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அதே இடத்தில் எழுபது எண்பது சொல் போகும். ஏற்பாட்டாளர்கள் ஆங்கிலக் குறிப்பை மனத்தில் வைத்து அந்த அளவைப் போட்டிருப்பார்கள். கேட்டால் கூட்டிக் கொடுக்கலாம். ஆனால் கேட்க வேண்டாம் என்பது என் எண்ணம். ஐம்பது சொல் போதும், அதற்கு மேல் நின்றுகொண்டு யாரும் படிப்பதில்லை.

ஒரு ஆய்வு நிறுவனத்தின் வெளியீட்டுப் பிரிவில் இருப்பவன் என்ற முறையில், கருத்தரங்கு மலர்களுக்கு வரும் இந்த மாதிரிக் குறிப்புகளைத் திருத்துவது என் அன்றாட வேலை. உங்கள் வரைவு கெட்ட வரைவு இல்லை. நூற்றுக்குத் தொண்ணூறு குறிப்புகள் இப்படித்தான் வருகின்றன, சிக்கலே அதுதான். உங்கள் பெயரை எடுத்துவிட்டுப் பக்கத்துப் போஸ்டர்க்காரரின் பெயரைப் போட்டாலும் அது பொருந்தும். தென்னை என்ற ஒரு சொல்லைத் தவிர அதில் உங்களுடையது என்று எதுவும் இல்லை.

இந்தக் குறிப்பு என்ன வேலை செய்ய வேண்டும் என்று பாருங்கள். வேலைக்கான தன்விவரக் குறிப்பில் உங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறீர்கள். விருது விழா மேடையில் வாசிக்கும் அறிமுகத்தில் கைதட்டலுக்கு வழி செய்கிறார்கள். போஸ்டர் பக்கத்துக் குறிப்பு இந்த இரண்டிலும் சேராது. முன்பின் அறியாத ஒருவர் போஸ்டருக்கும் உங்களுக்கும் நடுவில் வந்து நிற்கிறார். போஸ்டர் முழுவதையும் படிக்க அவருக்கு நேரமில்லை. இந்தப் பெண்ணிடம் என்ன கேட்கலாம் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அவர் வாயில் ஒரு நல்ல கேள்வியை வைப்பதுதான் குறிப்பின் வேலை. எதை வைப்பது, எதை எடுப்பது என்பதை இந்த ஒரு அளவுகோலால் பார்த்தால் போதும்.

உங்கள் வரைவைப் படித்துவிட்டு ஒருவர் என்ன கேட்பார்? "ஆனைமலையில் எங்கம்மா?" என்று கேட்பார். "அடுத்து என்ன செய்யப் போறீங்க?" என்பார். மதியம் வரும் தோப்புக்காரர் வேறொன்று கேட்பார், அதுதான் உங்களுக்குச் சங்கடம். "தென்னைப் பூச்சிகளின் ஒருங்கிணைந்த மேலாண்மை" என்று எழுதியிருக்கிறீர்கள். பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயிக்குத் தென்னைப் பூச்சி என்றால் காண்டாமிருக வண்டு, சிவப்புக் கூன்வண்டு, கருந்தலைப் புழு, ஈரியோபைட் சிலந்தி எல்லாம்தான். பூச்சியே அல்லாத வேர் வாடல் நோயையும் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பார். "அம்மிணி, குருத்துல ஓட்டை ஓட்டையா இருக்குதுங்க, என்ன பண்றதுங்க?" என்று கேட்டால் அது காண்டாமிருக வண்டின் வேலை. உங்கள் மூன்று வருட உழைப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. அவருக்கும் ஏமாற்றம், உங்களுக்கும் திணறல். பரந்த சொல்லைப் போட்டால் பெரிய ஆளாகத் தெரிவோம் என்று நினைக்கிறோம். நடப்பில் அது நமக்குத் தெரியாத கேள்விகளைத்தான் அழைத்து வருகிறது.

இப்போது உங்கள் ஆய்வுச் சுருக்கத்துக்கு வருகிறேன். அதைப் படித்த பிறகு வரைவைத் திரும்பப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருந்தது. அவ்வளவு நல்ல விஷயம் சுருக்கத்தில் இருக்கிறது, குறிப்பில் ஒன்றுகூட வரவில்லை. இந்தியாவில் 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் பார்க்கப்பட்ட சுருள் வெள்ளை ஈ, ஓலையின் அடிப்பக்கத்தில் சுருள் சுருளாக முட்டையிட்டு, வெள்ளை மெழுகைப் படியவிட்டு, சாற்றை உறிஞ்சுகிறது. அது கழிக்கும் தேன் போன்ற திரவம் கீழ் ஓலைகளில் வடிந்து, அதன் மேல் கரும்பூசணம் படர்ந்து தோப்பே கறுத்துப் போகிறது. அந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு, உள்ளிருந்தே அதைத் தின்று வளர்வது என்கார்சியா என்ற கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிறு குளவி. மருந்து தெளித்த தோப்பிலும் தெளிக்காத தோப்பிலும் அந்த ஒட்டுண்ணி எந்த அளவு வேலை செய்கிறது என்பது உங்கள் கேள்வி.

நீங்கள் அதை அறியும் வழி இருக்கிறதே, அதுதான் குறிப்பின் உயிர். கீற்றை வெட்டி வந்து, காலியான கூட்டுப்புழுக் கூடுகளை நுண்ணோக்கியில் பார்க்கிறீர்கள். ஈ தானாகப் பொரித்து வெளியே போயிருந்தால் கூட்டின் முதுகில் "டி" வடிவத்தில் பிளந்திருக்கும். உள்ளே குளவி வளர்ந்து வெளியே வந்திருந்தால் வட்டமாக ஒரு துளை இருக்கும். எத்தனை பிளவு, எத்தனை வட்டம் என்று மாதந்தோறும் எண்ணுகிறீர்கள். இதைக் கேள்விப்பட்ட எவரும் "காட்டுங்க பார்க்கலாம்" என்பார். பூச்சியியல் படித்தவர் என்றால் இன்னும் கூர்மையாகக் கேட்பார்: "வெளியே வராமல் உள்ளேயே இருக்கும் குளவியை எப்படிக் கணக்கில் எடுத்தீர்கள்?" நீங்கள் அதற்கும் வழி வைத்திருக்கிறீர்கள். துளையில்லாத கூடுகளைக் குப்பியில் அடைத்து, என்ன பொரிக்கிறது என்று பார்ப்பதாகச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஆக, நல்ல கேள்வியும் தயார், பதிலும் தயார். இரண்டையும் சேர்க்கும் வரிதான் குறிப்பில் இல்லை.

வரைவில் உங்கள் வினைச்சொற்களை மட்டும் தனியே எடுத்துப் படித்துப் பாருங்கள். பயின்று, பெற்று, மேற்கொண்டு, பங்கேற்று, சமர்ப்பித்து. இவற்றில் ஒன்றிலாவது உங்கள் கை தெரிகிறதா? "ஆய்வை மேற்கொண்டு வருகிறார்" என்பது ஆய்வு நடக்கிறது என்று மட்டும் சொல்கிறது. வெட்டுகிறார், எண்ணுகிறார், வளர்க்கிறார், அளக்கிறார் என்பவை ஆளைக் காட்டும் வினைகள். குறிப்பின் நடு வாக்கியத்தில் இப்படிப்பட்ட வினை ஒன்றாவது இருக்கட்டும். கூடவே ஒரு எச்சரிக்கை. அந்த வினை நீங்கள் செய்ததாக இருக்க வேண்டும். குழுவில் இன்னொருவர் ஒட்டுண்ணியின் டிஎன்ஏ பார்த்து இனத்தை உறுதி செய்திருந்தால், அது போஸ்டரில் இருக்கலாம், உங்கள் குறிப்பில் இருக்கக் கூடாது. படித்தவர் அதைப் பற்றித்தான் முதலில் கேட்பார். "அது எங்கள் குழுவில் வேறொருவர் செய்தது" என்று நீங்கள் சொல்ல நேர்ந்தால், அப்புறம் நீங்களே செய்ததைப் பற்றிச் சொன்னாலும் அவருக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும்.

உங்கள் பெயரை கவிதா என்று வைத்துக்கொண்டு நான் எழுதிப் பார்த்தது இது:

"செ. கவிதா, பூச்சியியல் துறையில் மூன்றாம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வாளர். தென்னையைத் தாக்கும் சுருள் வெள்ளை ஈயை என்கார்சியா ஒட்டுண்ணி எந்த அளவு கட்டுப்படுத்துகிறது என்று ஆராய்கிறார். மருந்து தெளித்த, தெளிக்காத ஆனைமலைத் தோப்புகளிலிருந்து மாதந்தோறும் கீற்றுகளை வெட்டி வந்து, பூச்சி வெளியேறிய துளைகளை நுண்ணோக்கியில் எண்ணுகிறார். முதுநிலைப் படிப்பில் நிலக்கடலைப் பூச்சிகளை ஆராய்ந்தவர். தோப்பில் மாதிரி எடுக்கும் முறை, துளைகளைப் பிரித்தறியும் விதம் பற்றி இவரிடம் கேட்கலாம்."

ஐம்பது சொல். படிவத்தின் 500-க்குள் அடங்கிவிடும், கொஞ்சம் இடமும் மிஞ்சும். நிலக்கடலை என்பது என் ஊகம். நீங்கள் முதுநிலையில் எதை எடுத்தீர்களோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதில் சில இடங்களை ஏன் அப்படி எழுதினேன் என்று சொல்ல வேண்டும். "ஒட்டுண்ணி கட்டுப்படுத்துகிறது" என்று முடிவாக எழுதாமல் "எந்த அளவு கட்டுப்படுத்துகிறது என்று ஆராய்கிறார்" என்று எழுதியிருக்கிறேன். ஆய்வு முடியவில்லை, கட்டுரையும் இன்னும் மதிப்பீட்டில்தான் இருக்கிறது. முடிவைச் சொல்ல வேண்டிய இடம் போஸ்டர். அங்கே வரைபடம் இருக்கும், எத்தனை தோப்பு, எத்தனை கீற்று என்ற கணக்கும் பிழை அளவும் இருக்கும். அவை எதுவும் துணைக்கு இல்லாமல் ஒரு முடிவை அறிமுகக் குறிப்பில் போட்டால் அது விளம்பரமாகத்தான் படிக்கப்படும். பத்திரிகைக்காரர் யாராவது வந்து அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு போனால், அப்புறம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

"முனைவர் பட்ட ஆய்வாளர்" என்பதை அப்படியே வையுங்கள். அழைப்பிதழ் அடிக்கிறவர்கள் மரியாதைக்காக எல்லார் பெயருக்கு முன்னாலும் "முனைவர்" என்று போட்டுவிடுகிற வழக்கம் உண்டு. நம் ஊரில் இது அடிக்கடி நடக்கிறது. வாய்மொழித் தேர்வு முடிந்து பல்கலைக்கழகம் பட்டம் வழங்கியதாக அறிவிக்கும் வரை அந்தச் சொல் உங்களுடையது இல்லை. அச்சுக்குப் போகும் முன் அழைப்பிதழையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். திருத்தச் சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கருத்தரங்குகளை எடுத்துவிட்டேன். இரண்டு என்பதில் குறை எதுவும் இல்லை, மூன்றாம் ஆண்டுக்கு அது சாதாரணம்தான். ஆனால் "பல" என்ற சொல்லைப் பார்த்ததும், இத்துறையில் இருப்பவர் மனத்துக்குள் எண்ணத் தொடங்கிவிடுவார். கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு இதழின் பெயரோடும் ஆண்டோடும் ஒரு வரி சேர்க்கலாம். மதிப்பீட்டில் இருக்கும் கட்டுரைக்கு இதழின் பெயரைச் சொல்லவே கூடாது. நிராகரிக்கப்பட்டால் அந்த அட்டை பொய் சொன்னதாக ஆகிவிடும்.

நெறியாளருக்கு நன்றி சொல்லாமல் விட்டால் மரியாதைக் குறைவாகுமோ என்று தயங்குவீர்கள், தெரியும். போஸ்டரின் அடியில் நன்றியுரை என்று ஒரு பட்டை இருக்கும். நெறியாளர், நிதி கொடுத்த அமைப்பு, தோப்பைத் திறந்துவிட்ட விவசாயிகள் எல்லாருக்கும் அங்கே இடம் உண்டு. நெறியாளரின் பெயர் போஸ்டரில் ஆசிரியர் பட்டியலிலும் இருக்கப்போகிறது. உதவித்தொகை எதுவும் வாங்குகிறீர்கள் என்றால் அதன் விதியை மட்டும் ஒருமுறை படித்துவிடுங்கள். சில உதவித்தொகைகளுக்கு, ஆய்வு வெளியே போகும் இடத்தில் எல்லாம் அமைப்பின் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. போஸ்டரில் சொன்னால் அது நிறைவேறிவிடும். அச்சுக்கு அனுப்பும் முன் குறிப்பை நெறியாளரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். "நன்றியைப் போஸ்டரில் போட்டிருக்கிறேன் சார்" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

பெயர் விஷயத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். தமிழில் "செ. கவிதா" என்று எழுதிவிட்டோம், சரி. இதே போஸ்டரின் சுருக்கம் ஆங்கிலத்தில் மலரில் வரும். அங்கே படிவம் `First name`, `Last name` என்று கேட்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தந்தை பெயரின் முதலெழுத்துதான். ஒரு இடத்தில் `S. Kavitha`, இன்னொரு இடத்தில் `Kavitha S`, வேறொரு இடத்தில் தந்தை பெயரை முழுதாக விரித்து எழுதுவது என்று மாறிக்கொண்டே போனால், தேடுகிறவர் கண்ணுக்கு நீங்கள் மூன்று ஆட்கள். உங்கள் முதல் கட்டுரை எந்த வடிவத்தில் அனுப்பப்பட்டதோ, அதே வடிவத்தை இனிமேல் எல்லா இடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். ORCID என்ற 16 இலக்க ஆய்வாளர் எண்ணை இலவசமாகவே வாங்கலாம். உங்கள் பெயரின் மற்ற வடிவங்களை எல்லாம் அந்தப் பக்கத்தில் பதிந்து வைக்கலாம். எண்ணை அட்டையில் அச்சிட்டுவிட்டால், கவிதா என்ற பெயரில் எத்தனை பேர் இருந்தாலும் குழப்பம் இல்லை. கைபேசி எண்ணைப் போட வேண்டாம். நிறுவன மின்னஞ்சல் போதும். திறந்த நாளில் யார் யாரோ வருவார்கள், பலர் போஸ்டரைப் படமெடுத்துக்கொண்டு போவார்கள். அந்தப் படம் எந்த வாட்ஸப் குழுவுக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது.

இனி மதியத்துக்கு. அதே அட்டையை மதியமும் வைக்கலாமா என்றால், வேண்டாம் என்பேன். காலையில் வருகிறவர் உங்கள் முறையைச் சோதிக்க வருகிறார். மதியம் வருகிறவருக்குத் தன் தோப்புதான் கவலை. அவருக்கு "மாதிரி எடுக்கும் முறை" என்பது பிடிபடாது. "முதுநிலை" அவருக்குத் தேவையில்லை. ஆனால் காலைக் குறிப்பிலிருந்து நான் எடுத்த ஒன்று இங்கே திரும்ப வர வேண்டும், உங்கள் ஊர். பூச்சியியல் அறிஞருக்கு நீங்கள் ஆனைமலையில் பிறந்தது ஒரு தகவல், அவ்வளவுதான். பக்கத்து ஊர்த் தோப்புக்காரருக்கோ அது பேச்சைத் தொடங்கும் இடம். உங்கள் வீட்டிலும் தென்னை இருந்தால் அதையும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஊரோடு நிறுத்துங்கள். நீங்களே அருகில் நிற்கப்போவதால், "ஆராய்கிறார்" என்று எழுதாமல் "நான்" என்றே எழுதலாம்:

"நான் கவிதா, ஊர் ஆனைமலை. தென்னை ஓலையைக் கறுக்க வைக்கும் வெள்ளை ஈயை ஒரு சின்னக் குளவி உள்ளிருந்தே தின்று அழிக்கிறது. அந்தக் குளவி உங்கள் தோப்பில் இருக்கிறதா? ஓலையைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம், வாங்க, லென்ஸில் காட்டுகிறேன். மற்ற தென்னைப் பூச்சிகளுக்கும் மருந்துக்கும் ஆலோசனை மேசையில் கேளுங்கள்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மருந்துப் பரிந்துரை கொடுப்பது உங்கள் வேலை இல்லை, அதைக் கொடுக்கும் பொறுப்பும் உங்களுக்கு இல்லை. வாய்தவறி ஒரு மருந்தின் பெயரைச் சொல்லிவிட்டால், "ஆய்வகத்துல சொன்னாங்க" என்று அது தோப்பு தோப்பாகப் பரவும். அதிலும் உங்கள் பூச்சியின் கதையே, கண்டபடி மருந்தடித்தால் குளவியும் சேர்ந்து சாகும் என்பதுதான். தென்னையின் மற்றச் சிக்கல்களோடு வருகிறவரையும் இந்த வரி சரியான ஆளிடம் அனுப்பிவிடும். அப்படி ஒரு மேசை அன்றைக்கு இருக்கிறதா என்று ஏற்பாட்டாளரிடம் முன்பே கேளுங்கள். இல்லையென்றால், அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தைக் குறிப்பிட்டு அந்த வரியை மாற்றிக்கொள்ளுங்கள்.

லென்ஸில் காட்டுகிறேன் என்று எழுதிவிட்டால் காட்டியாக வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்றும், துளையும் பிளவும் தெளிவாக இருக்கும் காய்ந்த கீற்றுத் துண்டுகள் இரண்டும் கையில் இருக்கட்டும். உயிருள்ள வெள்ளை ஈ ஒட்டியிருக்கும் பச்சைக் கீற்றை மேசையில் திறந்து வைக்காதீர்கள். வருகிறவர்கள் தொட்டுப் பார்த்து, ஒரு துண்டை வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மூடியுள்ள கண்ணாடித் தட்டில் வைத்தால் போதும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அட்டையே தேவைப்படாது, அவர்கள் நேராக லென்ஸுக்குத்தான் வருவார்கள்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். விடுதியில் வேறு துறைத் தோழி ஒருத்தியிடம் காலைக் குறிப்பைக் கொடுத்துப் படிக்கச் சொல்லி, தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "என்கிட்ட என்ன கேட்பே?" என்று கேளுங்கள். துளையைப் பற்றியோ தோப்பைப் பற்றியோ கேட்டால் குறிப்பு சரியாக வந்திருக்கிறது. "எத்தனை வருஷப் படிப்பு?" என்று கேட்டால் நடு வாக்கியத்தை இன்னும் கூராக்க வேண்டும். மதிய அட்டையை வீட்டுக்கு எடுத்துப்போய் அப்பாவிடமோ பக்கத்துத் தோட்டத்துக்காரரிடமோ சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அவர் எந்தச் சொல்லில் தடுக்கி நிற்கிறாரோ அந்தச் சொல்லை மாற்றுங்கள். "ஒட்டுண்ணி" என்ற சொல்லை நான் மதிய அட்டையில் தவிர்த்ததற்கு இதுதான் காரணம். அந்தச் சொல்லைக் கேட்டால் மாட்டுக்காரருக்கு உண்ணிதான் நினைவுக்கு வரும்.

கடைசியாக அச்சு. ஏ5 அட்டையில் ஐம்பது சொல்லை 18 புள்ளி எழுத்தில் வைத்தால் வரிகளுக்கு நடுவே இடம் விட்டும் படமும் வைக்க முடியும். 24 வைத்தால் படத்துக்கு இடம் இருக்காது. தமிழ் எழுத்துக்கு மேலே விசிறியும் கீழே சுழியும் இருப்பதால், வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு விடுவதைவிடக் கூடுதலாக விடச் சொல்லுங்கள். மதிய அட்டையில் சொற்கள் குறைவு, அதனால் அதைப் பெரிய எழுத்தில் போடலாம். ஃப்ளெக்ஸ் கடைகளிலும் அச்சகங்களிலும் இன்னும் பழைய எழுத்துருக்களில் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் யூனிகோடில் அனுப்பியதை அவர்கள் மாற்றும்போது கொம்பு ஒரு எழுத்து தள்ளிப் போகும், புள்ளி விழுந்துவிடும், சில இடங்களில் எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் வரும். வேர்டு கோப்பாகக் கொடுக்காமல் பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். அச்சிடும் முன் ஒரு படி வாங்கி, "வெள்ளை", "தோப்பு", "நுண்ணோக்கி" போன்ற கொம்புள்ள சொற்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். உங்கள் பெயரையும் மின்னஞ்சலையும் ORCID எண்ணையும் எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துவிட்டு, அப்புறம் அச்சுக்குச் சரி சொல்லுங்கள்.